1,800 ரியால் என்றால் கைக்கு எவ்வளவு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ரதெல்லைப் பக்கத்துத் தோட்டம். சாதாரண தரம் எழுதிவிட்டு நான்கு வருடம் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றவன். கையில் மடித்து வைத்த மூன்று தாள். "டீச்சர், கட்டாருக்குப் போறேன். ஐந்து நட்சத்திர ஹோட்டல். சம்பளம் 1,800 ரியால். இதிலே எங்கே கையெழுத்து வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. காதில் தோடு இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். தோடும் சங்கிலியும் அடகுக் கடையில் இருந்தன. அதில் வந்த 50,000 ரூபா, நானுஓயா ஸ்டேஷன் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் வைத்து சப் ஏஜெண்ட் ஒருவரின் கைக்குப் போயிருந்தது. ரசீது இல்லை. மொத்தம் மூன்று இலட்சம் கேட்டிருக்கிறார். மீதியை வட்டிக்கு எடுக்கப் பேசி முடித்துவிட்டார்கள்.

அந்த மூன்று தாளை அன்று நாங்கள் மூவரும் உட்கார்ந்து வாசித்தோம். இரண்டு மணி நேரம் பிடித்தது. நம் பிள்ளைகள் பலர் இப்போது கொழும்புக் கடைகளை விட்டுக் கட்டார், துபாய், சவூதி என்று போகிறார்கள். போவதைத் தடுக்கும் எண்ணம் எனக்கில்லை. மலையில் கிடைக்கும் சம்பளத்தை வைத்துக்கொண்டு "போகாதே" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் வாசிக்காமல் போகக் கூடாது. ஆகவே இந்த இதழின் தலையங்கமாக அந்த வாசிப்பையே எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது சம்பளத்தை அல்ல, முதலாளியின் பெயரை. ஒப்பந்தத்தில் ஹோட்டலின் பெயர் எங்குமே இல்லை. வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் துப்புரவுச் சேவைக் கம்பனி ஒன்றின் பெயர் இருந்தது. பதவி, "கிளீனர்". அதாவது இவன் ஹோட்டலின் ஊழியன் அல்ல. கம்பனி இவனை இன்று ஹோட்டலுக்கு அனுப்பும், நாளை ஒரு ஆஸ்பத்திரிக்கோ கட்டடத்துக்கோ அனுப்பும். சம்பளம் வராவிட்டால் ஹோட்டல் மனேஜரிடம் கேட்க முடியாது. இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை, அந்த நாட்டில் பெருவாரியான துப்புரவு வேலை இப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் "ஐந்து நட்சத்திர ஹோட்டல்" என்ற பேச்சு தாளில் இல்லை என்பதைப் பையன் அப்போதுதான் கண்டான்.

பதவியின் பெயரை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். ஹோட்டல் வேலை என்று சொல்லி, விசாவில் வீட்டு வேலையாள் என்று எழுதி அனுப்புவது உண்டு. கட்டாரில் கம்பனித் தொழிலாளருக்கு 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற் சட்டம். வீட்டு வேலையாட்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. அவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் வேலை நேர வரம்பே ஒரு நாளைக்கு 10 மணி நேரம். நான் கீழே போடும் கணக்கு அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு பதவி, விசாவில் வேறு பதவி என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிச் சம்பளம். சப் ஏஜெண்ட் சொன்ன 1,800 பொய்யல்ல. தாளில் இருக்கிறது. எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடம் 500, உணவு 300. கூட்டினால் 1,800. ஆனால் தங்குமிடம், உணவு இரண்டுக்கும் எதிரே ஆங்கிலத்தில் "புரொவைடட் பை கம்பனி" என்று இருந்தது. கம்பனி பொருளாகவே கொடுக்கும் என்று அர்த்தம். கட்டிலும் சோறும் கொடுத்துவிட்டால் அந்த 800 ரியால் காசாக வராது. மாதக் கடைசியில் கைக்கு வருவது 1,000 மட்டும்.

இந்த மூன்று எண்ணும் சும்மா வந்ததல்ல. கட்டாரில் 2020ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் ஆகக் குறைந்த சம்பளத்தை வகுத்தது. 2021 மார்ச் 20ஆம் திகதி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. தங்குமிடம் கொடுக்காவிட்டால் அதற்கு 500, உணவு கொடுக்காவிட்டால் அதற்கு 300 காசாகக் கொடுக்க வேண்டும். ஆக, நம் பையனுக்கு வந்த "1,800 ரியால் சம்பளம்" என்பது அந்த நாட்டில் யாருக்கும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கும் அடிமட்டச் சம்பளம். அதைத்தான் பெரிய சம்பளம் என்று விற்றிருக்கிறார்கள்.

இது நமக்குப் பழக்கமில்லாத தந்திரம் அல்ல. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்று பேசப்பட்டது நினைவிருக்கும். அடிப்படைச் சம்பளம் அதில் 500தான். வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30 என்று கூட்டித்தான் 730 ஆனது. வருகை குறைந்த மாதத்தில், கொழுந்து குறைந்த நாளில், அந்த 730 எங்கே போனது என்று கேட்டவர்கள் நம் அம்மாமார்தான். வாய்ச்சொல்லில் மொத்தம், தாளில் அடிப்படை. வெளிநாட்டு ஒப்பந்தத்தையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

அடிப்படைச் சம்பளம் ஏன் முக்கியம் என்றால், மற்றக் கணக்கெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு ஆகக் குறைந்தது மூன்று வாரத்து அடிப்படைச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது கட்டார்ச் சட்டம். 1,000 ரியாலுக்கு மூன்று வாரம் என்றால் 700. இரண்டு வருடத்துக்கு 1,400 ரியால். 1,800ஐ வைத்துப் பெருக்கினால் ஏமாற்றம்தான்.

அடுத்தது வேலை நேரம். நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். தாளில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, "நாளொன்றுக்கு 10 மணி நேரக் கடமை, வாரத்தில் ஆறு நாள்." மற்றது, "ஓவர்டைம் கம்பனி விதிப்படி." இரண்டாவது வரியைப் பார்த்ததும் பையன் மகிழ்ச்சியாக, "ஓ.டி. இருக்கு டீச்சர்" என்றான். "எவ்வளவு?" என்று கேட்டேன். பதில் இல்லை. தாளிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டாரில் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி, அதாவது நாளைக்கு எட்டு மணியாக ஆறு நாள். ரமழான் மாதத்தில் அது 36. அதற்கு மேல் வேலை வாங்கலாம், ஆனால் அவசர ஆபத்தைத் தவிர்க்கும் வேலையாக இருந்தாலொழிய ஒரு நாளின் மொத்த வேலை 10 மணியைத் தாண்டக் கூடாது. மேலதிகமான ஒவ்வொரு மணிக்கும் அடிப்படைச் சம்பளத்தின் மணிக் கணக்கோடு ஆகக் குறைந்தது 25 சதவீதம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை என்றால் 50 சதவீதம். ஆனால் இந்த இரவுக் கணக்கு ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு இல்லை. ஹோட்டல் வேலை பெரும்பாலும் ஷிப்ட் என்பதால் இதை நம்பி இருக்க வேண்டாம்.

கரும்பலகை இல்லாததால் பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டோம். 1,000 ரியாலை 30 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 33 ரியாலும் கொஞ்சமும். அதை எட்டால் வகுத்தால் ஒரு மணிக்கு 4 ரியால் 17 திர்ஹம். அதனோடு கால் பங்கு சேர்த்தால் 5 ரியால் 21 திர்ஹம். இவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மேலதிக வேலை. மாதத்தில் 26 நாள் என்றால் 52 மணி. பெருக்கினால் ஏறத்தாழ 271 ரியால்.

மாதா மாதம் இந்தக் கணக்கில் வர வேண்டிய 271 ரியால், "கம்பனி விதிப்படி" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு 6,500 ரியால். ஒரு ரியாலை 80 ரூபாவாக வைத்துப் பார்த்தால் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேல். அம்மா அந்த எண்ணைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். எண்ணை வாசிக்க அவருக்குத் தெரியும். வருடக்கணக்காகக் கொழுந்து நிறுவையில் தராசு முள்ளைப் பார்த்து நின்றவர்.

இன்னொரு விதமும் உண்டு. சில ஒப்பந்தங்களில் "நிரந்தர ஓவர்டைம் 200 ரியால்" என்று எழுதியிருப்பார்கள். 52 மணி வேலைக்கு 271 வர வேண்டிய இடத்தில் 200 என்றால் 71 ரியால் குறைகிறது. எழுதியிருக்கிறதே என்று சமாதானம் ஆகாமல், மேலே போட்ட கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். 12 மணி நேரக் கடமை என்று எழுதியிருந்தால், அதில் ஓய்வு நேரம் எவ்வளவு, வேலை எவ்வளவு என்று கேட்க வேண்டும். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் விடும் இடைவேளை வேலை நேரத்தில் சேராது. தங்குமிடத்திலிருந்து வேலைத்தலத்துக்குப் பஸ்ஸில் போய்வரும் நேரமும் சேராது. போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் 10 மணி வேலை 12 மணியாகிவிடும், அந்த இரண்டு மணிக்குக் காசு இல்லை. இது சட்டத்திலேயே உள்ள குறை. தெரிந்துகொண்டு போக வேண்டியதுதான்.

வாரத்தில் ஒரு முழு நாள் சம்பளத்தோடு ஓய்வு. அன்று வேலைக்குக் கூப்பிட்டால் வேறொரு நாள் ஓய்வு தர வேண்டும், கூடுதல் பணமும் தர வேண்டும். நம் தோட்டங்களில் ஞாயிறு கைக்காசு வேலை மாதிரி இதைச் சாதாரணமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். போன முதல் நாளிலிருந்தே ஒரு சின்னக் கொப்பியில் வேலைக்குப் போன நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். செக்ரோலில் பேர் விழாத நாளுக்கு நாம் எப்படிச் சண்டை போடுகிறோம்? நாள் தெரிந்தால்தானே!

தங்குமிடத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரே வரிதான். "கம்பனி தரும்." கட்டார் அரசின் 2014ஆம் ஆண்டு அமைச்சு விதி ஒன்று, தொழிலாளர் விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 6 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில் போடவும் தடை. 6 சதுர மீற்றர் என்றால் 65 சதுர அடி. நம் லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி. அந்த விதிப்படி நம் லயத்துக் காம்பறாவில் இரண்டு பேர் கூடச் சரியாகத் தங்க முடியாது. அதில் எத்தனை தலைமுறை பிறந்து வளர்ந்தது என்பது வேறு கதை. விதி இருப்பதால் எல்லா விடுதியும் அப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஏற்கெனவே அதே கம்பனியில் வேலை செய்யும் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை ஏஜென்சியிடம் கேளுங்கள், விடுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இலக்கம் கொடுக்கத் தயங்கும் ஏஜென்சி எதையோ மறைக்கிறது. தண்ணீர், மின்சாரம், போக்குவரத்துக்குச் சம்பளத்தில் வெட்டு உண்டா என்பதையும் அந்த ஆளிடமே கேட்கலாம்.

திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றி இவனுடைய தாளில் எழுதியிருந்தது இது: "இரண்டு வருடம் முடித்தால் கம்பனி டிக்கெட் தரும். இடையில் போனால் டிக்கெட், விசா, ஆட்சேர்ப்புச் செலவு அனைத்தும் தொழிலாளியின் பொறுப்பு." முதல் பாதி சரி. வேலை முடிந்ததும் தொழிலாளியைக் கூட்டிவந்த ஊருக்குத் தன் செலவில் திருப்பி அனுப்புவது முதலாளியின் கடமை என்றுதான் சட்டமும் சொல்கிறது. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். அதில் "ஆட்சேர்ப்புச் செலவு" என்று வருகிறதே, அது எவ்வளவு என்று எங்கும் இல்லை. ஒரு மனிதன் சம்பளம் வராமல், அல்லது உடம்பு முடியாமல் வெளியேற நினைத்தால் அன்றைக்குக் கம்பனி ஒரு தொகையைச் சொல்லும். அதைக் கட்ட முடியாது என்பதால் அங்கேயே கிடப்பான்.

இதை வாசித்தபோது நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. நம் முன்னோரைக் கங்காணி இங்கே கூட்டிவந்தபோது கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அவர்கள் பேரிலேயே கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடம் "துண்டு" வாங்க வேண்டும். இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று அந்தத் துண்டில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும், கடன் அங்கேயும் தொடரும். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து அதே பேச்சு ஆங்கிலத்தில் டைப் அடித்து வந்திருக்கிறது.

அது போகட்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சட்டம் தரும் உரிமைக்குக் குறைவான எந்த வாசகமும் செல்லாது என்று கட்டார்ச் சட்டமே சொல்கிறது. ஆனால் அங்கே போய் அதை நிலைநாட்டுவது வேறு வேலை. தகராறு தீர்க்கும் குழுக்கள் 2018 முதல் இருக்கின்றன, முறைப்பாடு செய்யலாம். தொழிற்சங்கம் மட்டும் நமக்கு அங்கே இல்லை. சங்கம் அமைக்கும் உரிமையை அந்த நாட்டுச் சட்டம் சொந்தக் குடிமக்களுக்கே தந்திருக்கிறது. இங்கே தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிற மாதிரி அங்கே போக முடியாது. எனவே திருத்த வேண்டியதை விமானம் ஏறுமுன் திருத்துவதே சுலபம்.

இனி அந்த மூன்று இலட்சம். அம்மா கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "டீச்சர், எல்லாரும் கட்டுறாங்க. கட்டாம எப்படிப் போறது?"

கட்டாரின் தொழிற் சட்டத்தில், ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பவர் தொழிலாளியிடமிருந்து ஆட்சேர்ப்புக் கட்டணமாகவோ செலவாகவோ எதையும் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. சர்வதேசத் தொழில் அமைப்பின் கொள்கையும் அதுவே, செலவு முதலாளியுடையது. இலங்கையில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இயங்குகிறது. அனுமதிப் பத்திரம் உள்ள ஏஜென்சி மட்டுமே ஆட்களைச் சேர்க்கலாம். அதுவும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகத்தின் அனுமதி பெற்ற பிறகுதான். தொழிலாளியிடம் பணம் வாங்குவதாக இருந்தால் அந்த வேலைக்குப் பணியகம் அனுமதித்த தொகைக்கு மேல் ஒரு சதமும் வாங்க முடியாது, வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். தேநீர்க் கடையில் காசு வாங்கும் சப் ஏஜெண்டுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. ஏஜென்சியின் அனுமதிப் பத்திர இலக்கம் என்ன? இந்த வேலைக்குப் பணியகம் அனுமதித்த கட்டணம் எவ்வளவு? இரண்டையும் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சரிபார்க்கலாம். அனுமதி பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் slbfe.lk என்ற இணையத்தளத்தில் இருக்கிறது. பணம் கட்ட வேண்டி வந்தால் ஏஜென்சியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். ஆளின் கைக்கோ, ஆளின் சொந்தக் கணக்குக்கோ வேண்டாம்.

கடனின் கணக்கையும் அன்று போட்டோம். மூன்று இலட்சம் ரூபா என்பது இவனுடைய 3,750 ரியால், கிட்டத்தட்ட நான்கு மாத அடிப்படைச் சம்பளம். நூற்றுக்கு ஐந்து மாத வட்டி என்றால் வட்டி மட்டும் மாதம் 15,000 ரூபா. கைக்கு வரும் 80,000 ரூபாவில் வட்டி போக, அங்கே அவன் செலவு போக, வீட்டுக்கு எவ்வளவு வரும், அசல் எப்போது தீரும்? பையன் கணக்கில் கெட்டிக்காரன். ஒரு வருடம் தாண்டும் என்று அவனே சொன்னான். ஆறு மாதம் வரை தகுதிகாண் காலம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதற்குள் கம்பனி "வேண்டாம்" என்று அனுப்பிவிட்டால்? அந்தக் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் சங்கக் காரியாலயத்திலிருந்து ஏஜென்சிக்கு நேரடியாகப் போன் செய்தோம். ஏஜென்சி உண்மையானது, அனுமதிப் பத்திரம் இருக்கிறது. சப் ஏஜெண்ட் கேட்ட மூன்று இலட்சம் அவர்களுக்கே தெரியாது என்றார்கள். தெரியாதோ, தெரியாத மாதிரியோ. நாங்கள் கேட்டவை மூன்று. ஓவர்டைம் "கம்பனி விதிப்படி" என்பதை "கட்டார் தொழிற் சட்டப்படி" என்று மாற்றித் தர வேண்டும். உணவு பொருளாகவா, 300 ரியால் காசாகவா என்று எழுதித் தர வேண்டும். இடையில் வந்தால் "ஆட்சேர்ப்புச் செலவு" கட்ட வேண்டும் என்ற சொல்லை எடுக்க வேண்டும். எட்டு நாளில் புதுத் தாள் வந்தது. முதல் இரண்டும் மாறியிருந்தன, உணவுக்குக் காசு. மூன்றாவது மாறவில்லை. "எல்லாருக்கும் ஒரே படிவம்" என்பது பதில். அதற்குத்தான் பையன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

கட்டாருக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கொழும்பில் 2018 முதல் கட்டார் விசா நிலையம் இருக்கிறது. கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தத்தில் கையெழுத்து எல்லாம் அங்கேதான். ஏஜென்சியில் காட்டிய தாளும் அங்கே திரையில் காட்டும் ஒப்பந்தமும் ஒன்றா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டிய இடம் அது. பதவி, அடிப்படைச் சம்பளம், உணவு, தங்குமிடம் இந்த நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். வித்தியாசம் இருந்தால் கையெழுத்து வைக்காமல் அங்கேயே சொல்லுங்கள். அரபு மொழியில் உள்ள பிரதிதான் அந்த நாட்டில் செல்லுபடியாகும், எனவே நமக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கையெழுத்து வைத்த பிறகு ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று வீட்டில், படம் எடுத்து மூன்றாவதாகச் சங்கக் காரியாலயத்தில். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இந்த நிலையமும் இல்லை, பணியகப் பதிவும் இல்லை, வாசிக்க ஒப்பந்தமே இல்லை என்று அர்த்தம்.

துபாய், சவூதிக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். சவூதியில் மேலதிக மணிக்கு 50 சதவீதம் கூடுதல், ஐக்கிய அரபு இராச்சியத்தில் பகலில் 25, இரவு 10 மணியிலிருந்து 4 மணி வரை 50. வாசிக்கும் முறை ஒன்றே, எண்கள் வேறு.

சப் ஏஜெண்டிடம் போன 50,000 ரூபா இன்னும் திரும்பவில்லை. முதலில் போன் எடுத்தார், இப்போது எடுப்பதில்லை. ரசீது இல்லாவிட்டாலும் பணம் பற்றி அவர் அனுப்பிய குரல் செய்திகள் பையனின் போனில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் பணியகத்துக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறோம். போனை மாற்றாதே, எதையும் அழிக்காதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அடகுச் சீட்டின் தவணை ஐப்பசியில் முடிகிறது.

ஞாயிறு காலை 9 மணியிலிருந்து சங்கக் காரியாலயத்தில் இருப்பேன். தாளைக் கொண்டு வாருங்கள். காசு கட்டுவதற்கு முன்னால் வாருங்கள்.